பெட்டிக்குள் இருக்கும் காசு யாருடையது?

(ஜெயபுரத்தில் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றைத் தொடங்கிய 15 பெண்களுக்கு, அவர்களது ஒன்பதாவது கிழமைக் கூட்டத்தில் எங்கள் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை. கூட்டுறவுத்துறையில் கணக்காய்வு வேலை செய்து ஓய்வுபெற்றவர். தன் கையெழுத்துக் குறிப்புகளை மலர்க்குழுவின் வேண்டுகோளுக்கிணங்கத் தானே எழுதித் தந்துள்ளார்.)



எட்டுக் கிழமையாக ஆளுக்கு 200 ரூபா போட்டு வருகிறீர்கள். 15 பேர், எட்டுக் கிழமை, ஆகவே பெட்டிக்குள் 24,000 ரூபா இருக்க வேண்டும். இன்றைக்குப் போடுவதோடு 27,000. இன்று முதன்முதலாக இதிலிருந்து கடன் கொடுக்கப் போகிறீர்கள். அதற்கு முன் ஒருக்கால் வந்து விளங்கப்படுத்துங்கள் என்று உங்கள் தலைவி கேட்டார். வரும் வழியில் பஸ்ஸில் ஒரு அம்மா என்னிடம், “சேமிக்கிறது சரி பிள்ளை, எங்கட காசையே எங்களுக்கு வட்டிக்குத் தாறது என்ன கணக்கு?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இன்று அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். சீட்டுப் பிடிக்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். பத்துப் பேர் மாதம் ஆயிரம் போட்டால், மாதம் ஒருவருக்குப் பத்தாயிரம் கிடைக்கும். பத்தாவது மாதத்தோடு சீட்டு முடியும், காசும் முடியும். முதலில் எடுத்தவருக்கு வட்டியில்லாக் கடன். கடைசியில் எடுத்தவர் ஒன்பது மாதம் மற்றவர்களுக்குக் கடன் கொடுத்துவிட்டுத் தன் காசைத் தானே திரும்பப் பெறுகிறார். யாருக்கு எப்போது தேவை என்பதைச் சீட்டு கேட்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது உங்கள் முறை வரும் மாதத்தில்தான் என்று யார் சொன்னது?

சுயஉதவிக் குழுவில் முறை கிடையாது. எல்லோருடைய காசும் ஒரே இடத்தில் சேர்கிறது. யாருக்குத் தேவை என்பதைக் கூட்டத்தில் கதைத்து முடிவெடுக்கிறீர்கள். கடன் எடுத்தவர் திருப்பிக் கட்டும்போது கொஞ்சம் கூடக் கட்டுகிறார். அந்தக் கூடுதல் காசு வெளியே போவதில்லை, பெட்டிக்குள்தான் விழுகிறது. அடுத்தவருக்குக் கொடுக்க இன்னும் கொஞ்சம் பெரிய தொகை இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். மிச்சம் எல்லாம் இதைக் கெட்டுப்போகாமல் காப்பாற்றும் வேலை.

இந்த வேலை புதிதும் அல்ல. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துப் பானைக்குள் போட்டு வைத்த பெண்கள் எங்கள் பாட்டிமார். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இலங்கையில் 1911இலேயே சட்டம் வந்துவிட்டது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் ஐயாமார் அங்கத்தவராக இருந்திருப்பார்கள். தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் பெண்கள் குழுக்களைத் தொடங்கினார்கள், பிறகு அது மாநிலம் முழுவதும் பரவியது. 1991இல் ஆபிரிக்காவில் நைஜர் நாட்டின் மராடி என்ற இடத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களே பெட்டி வைத்து இதை நடத்தத் தொடங்கினார்கள். அவர்கள் கையாண்ட ஒரு வழியைப் பிறகு சொல்கிறேன். அது எனக்கு மிகவும் பிடித்தது.

இப்போது வட்டிக்கு வருவோம். உங்கள் குழு மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்று எழுதியிருக்கிறது. ஆனால் எந்தத் தொகைக்கு நூற்றுக்கு இரண்டு என்று எழுதவில்லை. அங்கேதான் எங்கள் பெண்கள் ஏமாந்தார்கள்.

ஒரு தங்கச்சி 12,000 ரூபா கடன் எடுக்கிறார் என்று வையுங்கள். ஆறு மாதத்தில் திருப்ப வேண்டும், மாதம் முதலில் 2,000. முதல் மாதம் 12,000 அவரிடம் இருந்தது, அதற்கு வட்டி 240. அடுத்த மாதம் அவரிடம் 10,000தான் இருக்கிறது, வட்டி 200. அதற்கடுத்து 8,000க்கு 160. பிறகு 120, 80, 40. எல்லாவற்றையும் கூட்டுங்கள். 840 ரூபா.

இப்போது அதே கடனை வேறு விதமாகக் கணக்குப் போடுவோம். “வட்டி இரண்டு வீதம்” என்று அதே சொல்லைச் சொல்லி, ஒவ்வொரு மாதமும் ஆரம்பத்தில் எடுத்த 12,000க்கே வட்டி கேட்பார்கள். மாதம் 240, ஆறு மாதத்துக்கு 1,440. ஆறாவது மாதம் அவரிடம் இருப்பது 2,000 ரூபா மாத்திரம். ஆனால் 12,000க்கு வட்டி கட்டுகிறார். முழுக் காலத்தையும் சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருந்தது 7,000தான். 7,000க்கு ஆறு மாதத்தில் 1,440 என்றால் அது மாதம் நூற்றுக்கு மூன்றரைக்குக் கிட்ட. சொன்னது இரண்டு, வாங்கியது மூன்றரை. பொய் சொல்லவும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மீளக்குடியேறி வந்தபோது கூரைத் தகரத்தைத் தவிர எதுவும் இருக்கவில்லை. அடைவு வைக்க நகையும் இல்லை. அப்போது வாசலுக்கே வந்து, ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்து வைத்தால் போதும் என்றார்கள். கையெழுத்து வைத்தோம். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மீற்றர் வட்டி. 2018இல் மத்திய வங்கி, தன் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்கள் நுண்கடனுக்கு அறவிடக்கூடிய வட்டிக்கு வருடத்துக்கு நூற்றுக்கு 35 என்று உச்சவரம்பு வைத்தது. அதே வருடம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் சிறு நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணமும் அறிவித்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆகவே உங்கள் விதிப் புத்தகத்தில் இன்றைக்கே ஒரு வரி சேருங்கள்: “வட்டி, கட்டாமல் மிச்சமிருக்கும் தொகைக்கு மாத்திரம்.”

அந்த அம்மா கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். எங்கள் காசை எங்களுக்கே தருவதற்கு வட்டி எதற்கு? வட்டியே வேண்டாம் என்றால் என்ன?

இந்த 15 பேரில் நாலைந்து பேர் கடனே எடுக்க மாட்டீர்கள். வருடக் கடைசியில் அவர்கள் போட்ட 10,400 ரூபா அப்படியே 10,400ஆகத் திரும்பி வந்தால் அவர்களுக்கு நட்டம். 2022 செப்ரெம்பரில் இந்த நாட்டில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு எழுபது அளவுக்குப் போனது ஞாபகம் இருக்கும். பெட்டிக்குள் கிடந்த காசு எலி கடிக்காமலே தேய்ந்தது. கடன் எடுக்காதவர் தேய்மானத்தைச் சுமக்க, எடுத்தவர் இலவசமாகப் பாவித்தால், இரண்டாவது வருடம் கடன் எடுக்காதவர்கள் குழுவை விட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் போனால் கடன் கொடுக்கக் காசும் போய்விடும்.

வட்டி எங்கே போகிறது என்று ஒரு வருடக் கணக்கைப் பார்ப்போம். இது நான் உத்தேசமாகப் போட்ட கணக்கு. ஆண்டு முடிவில் சேமிப்பு மாத்திரம் 156,000 சேரும். இன்றிலிருந்து கடன் கொடுக்கத் தொடங்கி, சேர்ந்த காசில் நூற்றுக்கு எண்பதை ஓட விட்டால், மிச்சமிருக்கும் பத்து மாதத்தில் ஏறத்தாழ 14,600 ரூபா வட்டி வரும். பிந்தி வந்ததற்குத் தண்டம் ஒரு 400. மொத்தம் 15,000. புத்தகம், பேனை, வங்கிக்குப் போய்வந்த பஸ் காசு எல்லாவற்றுக்கும் 1,500 கழியுங்கள். 13,500 மிச்சம். எல்லோரும் ஒரே அளவு சேமித்திருப்பதால் ஆளுக்கு 900.

கடன் எடுக்காத அக்காவுக்கு 10,400 போட்டு 11,300 கிடைக்கிறது. 12,000 கடன் எடுத்த தங்கச்சிக்கும் 11,300தான். அவர் கட்டிய வட்டி 840, திரும்பி வந்த பங்கு 900. வெளியே எடுத்த கடனுக்கு இப்படி ஒரு சதம் திரும்பி வந்த கதை உண்டா? அவருக்கு அந்த 900 வந்ததற்குக் காரணம், அவருடைய சேமிப்பும் மற்றவர்களின் கையில் போய் உழைத்தது. ஆனால் ஒன்று. காசு கடனாகப் போகாமல் பெட்டிக்குள் படுத்திருந்தால் இந்த 900 வராது. எடுத்தவர்கள் கட்டாவிட்டாலும் வராது.

சரி, யாருக்கு எவ்வளவு கொடுப்பது?

நீங்கள் வைத்திருக்கும் விதி, சேமிப்பின் மூன்று மடங்கு. இன்றைக்கு ஒவ்வொருவருடைய சேமிப்பும் 1,800. ஆகவே ஒருவருக்கு 5,400க்கு மேல் இல்லை. அதிகம் இல்லையே என்று சிலருக்கு மனதில் குறை வரும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். எல்லோரும் மூன்று மடங்கு எடுக்கவே முடியாது, பெட்டிக்குள் இருப்பது ஒரு மடங்குதான். 15 பேரில் ஐந்து பேர் முழு அளவு எடுத்தால் பெட்டி காலி. ஆகவே “எனக்கு உரிமை இருக்கிறது” என்ற கதை இங்கே சரிவராது. எல்லோருக்கும் கேட்கும் உரிமை இருக்கிறது. கொடுப்பது கூட்டத்தின் முடிவு.

இன்னொன்றையும் இன்றைக்கே தீர்மானியுங்கள். 5,000 ரூபாவைத் தொடாமல் எப்போதும் விட்டுவையுங்கள். இரவு ஒன்றரை மணிக்குப் பிரசவ வலி வந்தால் கிளிநொச்சிக்குப் போக வாகனம் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கூட்டம் கூட்ட முடியாது. தலைவியும் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து அந்த 5,000க்குள் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லலாம் என்று விதியில் எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாவும் கூட்டத்துக்கு வெளியே கொடுக்கக் கூடாது.

இதை நான் கண்டிப்பாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வேலையில் இருந்த காலத்தில் வேறொரு ஊரில் ஒரு குழுவின் புத்தகத்தைப் பார்க்கப் போனேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், “பெட்டியைத் திறக்கலாமா?” பொருளாளரின் முகம் வெளிறிப் போனது. அவர் களவு எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அழுதபடி வந்து கேட்டார், கூட்டத்துக்கு நாலு நாள் இருந்தது, கொடுத்துவிட்டார். திருப்பி வந்துவிடும்தானே என்று புத்தகத்தில் எழுதவில்லை. வரவில்லை. அதை மறைக்க அடுத்த மாதம் இன்னொன்று. நல்ல மனம் உள்ள பெண். அவர் பிறகு அந்த ஊரிலேயே இருக்கவில்லை. காசைத் தனியே ஒருவரின் பொறுப்பில் விட்டது குழு செய்த பிழை என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

அதனால் பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று திறப்பும் மூன்று பேரிடம். பெட்டி இருக்கும் வீட்டுக்காரரிடம் திறப்பு இருக்கக் கூடாது. தொகை கூடும்போது வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. உங்களுக்கு இப்போதே அந்த அளவு வந்துவிட்டது.

கூட்டத்தில் காசு எப்படி நகர வேண்டும் என்பதற்கு ஒரு கூட்டத்தை மனதில் ஓடவிட்டுப் பார்ப்போம். முப்பத்துமூன்றாவது கிழமை என்று வையுங்கள். வங்கியில் உள்ளதை விடுவோம், பெட்டிக் காசை மாத்திரம் பார்ப்போம். எல்லோரும் வட்டமாகப் பாயில் இருக்கிறீர்கள், நடுவில் பெட்டி. திறந்து எண்ணுகிறீர்கள், 6,450. அன்றைய சேமிப்பு 3,000. அன்று கடன் கட்ட வேண்டியவர்கள் மூவர். நாங்கள் சொன்ன 12,000 தங்கச்சிக்கு அது மூன்றாவது தவணை, முதல் 2,000, வட்டி 160. இன்னொருவர் முதல் 1,000, வட்டி 60. மற்றவர் முதல் 500, வட்டி 20. பிந்தி வந்தவர் ஒருவரின் தண்டம் 50. எல்லாம் கூட்டினால் பெட்டிக்குள் 13,240. விட்டுவைக்க வேண்டிய 5,000 போக 8,240 கொடுக்கலாம்.

இப்போது கடன் கேட்கிறார்கள். ஒருவருக்குப் பிள்ளையின் கண்ணுக்கு வைத்தியம், 5,000. ஒருவருக்குத் தையல் மெசினைத் திருத்த 3,000. மூன்றாமவர் 10,000 கேட்கிறார். எதற்கு என்றால் “வீட்டுத் தேவை” என்கிறார்.

இந்த மூன்றாமவரைப் பற்றித்தான் கொஞ்சம் ஆறுதலாகக் கதைக்க வேண்டும். அவர் ஏற்கெனவே வெளியில் எடுத்த கடனுக்குக் கிழமைத் தவணை கட்டத்தான் கேட்கிறார் என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்கும் நாள் கடன்காரர் வரும் நாளுக்கு முதல் நாளாக இருக்கும். கேட்கும் தொகை தவணையோடு பொருந்தும். கடன் புத்தகத்தில் அவருடைய பக்கத்தைத் திருப்பினால், இன்றைக்குக் கட்டி முடித்து இன்றைக்கே அதைவிடப் பெரிய கடன் எடுத்திருப்பார். அல்லது வட்டிக் கட்டம் ஒழுங்காக நிரம்பியிருக்கும், முதல் குறையவே இல்லை.

அவரைச் சபையில் வெட்கப்படுத்தக் கூடாது. அடுத்த கூட்டத்துக்கு அந்த நிறுவனத்தின் அட்டையைக் கொண்டு வரச் சொல்லுங்கள். எவ்வளவு மிச்சம், இன்றைக்கே முழுதாகக் கட்டினால் எவ்வளவு என்று அங்கே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். 24,000 மிச்சம், கிழமைக்கு 1,200 தவணை என்று வையுங்கள். நீங்கள் 5,000 கொடுத்தால் நாலு கிழமை மூச்சு விடுவார். ஐந்தாவது கிழமை அவருக்கு இரண்டு கடன். ஆகவே பாதிக் கடன் கொடுப்பது உதவி அல்ல. குழுவால் முடிந்தால் முழுதையும் முடித்து அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இங்கே மாதம் மாதம் கட்டலாம். அதுவும் மற்றவர்கள் சம்மதித்து, மூன்று மடங்கு விதிக்குள் வந்தால்தான். முப்பத்துமூன்றாவது கிழமையில் அவருடைய சேமிப்பு 6,600, மூன்று மடங்கு 19,800. 24,000 இன்னும் எட்டாது. சில கிழமை பொறுக்க வேண்டும், அதற்குள் அவர் அங்கே கட்டிக் குறைத்துக்கொண்டும் இருப்பார். இது கஷ்டமான முடிவு. நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன், நீங்கள்தான் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

அன்றைக்குக் கண் வைத்தியத்துக்கு 5,000, தையல் மெசினுக்கு 3,000. 13,240இல் 8,000 போக 5,240. அதைத் திரும்ப எண்ணுங்கள், எழுதுங்கள். கடன் வாங்கியவர் கையெழுத்து வைக்கிறார், இரண்டு பேர் பிணைக் கையெழுத்து.

இப்போது அந்த நைஜர் பெண்களின் வழி. அவர்களுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியாது. அதனால் பெட்டியை மூடும் முன் மிச்சத் தொகையை எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டு போவார்கள். அடுத்த கூட்டத்தில் பெட்டியைத் திறக்கும் முன், எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். பிறகு எண்ணிப் பார்ப்பார்கள். பொருளாளர் புத்தகத்தில் என்ன எழுதினாலும் 15 பேரின் தலைக்குள் இருக்கும் எண்ணை மாற்ற முடியாது. நாங்கள் படித்தவர்கள்தான். ஆனாலும் இதைச் செய்யுங்கள். புத்தகம் என்றவுடன் “அது பிள்ளை பார்க்கும்” என்று செயலாளரிடம் தள்ளிவிடும் பழக்கம் படித்த எங்களுக்குத்தான் அதிகம்.

அங்கத்தவர் புத்தகம் உங்கள் வீட்டுக்குப் போக வேண்டும், பேரேடு பெட்டிக்குள் பூட்டுப்பட வேண்டும். இரண்டும் ஒரே கையில் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தலாம்.

கட்ட முடியாதவரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் கட்ட முடியாதவரையும் கட்ட மனமில்லாதவரையும் பிரித்துப் பாருங்கள். ஒரே ஊரில் இருக்கிறீர்கள், உங்களுக்கு அது தெரியும். மழை பிழைத்துக் கச்சான் கருகிவிட்டால், முதலை இரண்டு மூன்று மாதம் தள்ளி வைத்து வட்டியை மாத்திரம் வாங்குங்கள். அதையும் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் “அவவுக்கு விட்டியள், எனக்கு ஏன் இல்லை” என்பார். அவருடைய சேமிப்பு கடனுக்கு எதிரே நிற்கிறது. 7,000 மிச்சக் கடனும் 5,000 சேமிப்பும் உள்ளவரால் குழுவுக்கு வரக்கூடிய உண்மையான நட்டம் 2,000தான். அதற்குத்தான் இரண்டு பிணை. எந்தக் காரணத்துக்காகவும் ஒருவர் வீட்டு வாசலில் போய்க் குந்தியிருக்காதீர்கள். அதை உங்களுக்குச் செய்தவர்கள் இருக்கிறார்கள், அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

குழுவால் தாங்க முடியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் 15 பேரும் ஒரே மழையை நம்பியிருக்கிறீர்கள். காலபோக விதைப்புக்கு எல்லோருக்கும் ஒரே மாதத்தில் காசு வேண்டும், அறுவடையில் எல்லோருக்கும் ஒன்றாகக் காசு வரும். ஒருவருக்குத் தேவைப்படும்போது இன்னொருவரிடம் மிச்சம் இருந்தால்தான் இந்தப் பெட்டி வேலை செய்யும். எல்லோருக்கும் ஒரே நாளில் கஷ்டம் வந்தால் பெட்டி சிறிது. அதனால் விதைப்புக்கு முழுச் செலவையும் இதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். விதைப்புக்குக் கொடுப்பதானால் மாதம் மாதம் வட்டி, அறுவடைக்கு முதல் என்று தவணையை மாற்றுங்கள். தையல், கோழி, கடை என்று வேறு வழியில் உழைப்பவர்களும் குழுவில் இருப்பது இதற்காகவே நல்லது.

கடைசியாக ஒன்று. என்னோடு படித்தவர்கள் இன்றைக்குக் கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். நான் இங்கே வருவதை அறிந்து ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள், “நாங்கள் சேர்ந்து ஒரு அஞ்சு லட்சம் அந்தப் பெட்டிக்குள்ள போட்டுவிட்டால் என்னடி? அதுகள் 200 ரூபா போட்டு எப்ப நிமிருறது?”

நல்ல மனதோடுதான் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் இப்படிச் சுழல்நிதி என்று வெளியே இருந்து வந்து விழுந்த காசு பல குழுக்களில் என்ன ஆனது என்று நான் பார்த்திருக்கிறேன். தன் 1,800 ரூபா உள்ளே இருக்கும் பெண், அடுத்தவர் தவணை பிந்தினால் கேட்கிறாள், ஏனென்றால் அது அவளுடைய காசு. ஐந்து லட்சம் யாரோ கொடுத்த காசு. அதைக் கட்டாவிட்டால் யாருக்கு நட்டம்? ஒருவர் நிறுத்துவார், “அவ கட்டேல்லை, நான் ஏன் கட்ட வேணும்” என்று மற்றவரும் நிறுத்துவார். அந்தப் பழக்கம் பெரிய தொகையோடு நிற்காமல் 200 ரூபாவையும் கொண்டுபோய்விடும். பிறகு பெட்டியும் இல்லை, கூட்டமும் இல்லை.

எதையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று பூட்டுப் போட்ட ஒரு இரும்புப் பெட்டி, 15 அங்கத்தவர் புத்தகம், ஒரு பேரேடு, ஒரு கணக்குப் பொறி, அதோடு வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து கணக்கைப் பார்ப்பதற்கு அவருடைய பஸ் காசு என்று சொன்னேன். பெட்டி வந்துவிட்டது, இதோ இருக்கிறது. பஸ் காசும் வந்தது. அதில்தான் இன்றைக்கு வந்தேன்.

நேரமாகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரப் போகிறார்கள். பெட்டியை நடுவில் வையுங்கள். திறப்பு வைத்திருக்கும் மூன்று பேரும் முன்னுக்கு வாருங்கள். பொறுங்கள், திறக்க வேண்டாம். செயலாளர் தங்கச்சி, புத்தகத்தை மூடுங்கோ. மற்றவர்கள் எல்லோரும் சொல்லுங்கள் பார்ப்போம், போன கிழமை மூடும்போது உள்ளுக்குள் எவ்வளவு இருந்தது?